பச்சைக்குள் இருக்கும் மஞ்சளும் நீலமும்

புரோமோதைமால் ப்ளூ என்று ஒரு சாயம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். சோப்புத் தண்ணீரில் விட்டால் நீலமாகும். அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுவில் நிற்கும் நீரில் விட்டால் பச்சை. ஆய்வகத்தில் இதைப் பார்த்தவர்களில் பலர், இந்தச் சாயத்துக்கு மூன்று நிறங்கள் உண்டு என்றே நினைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். உண்மையில் அந்தக் குடுவையில் பச்சை நிற மூலக்கூறு ஒன்றுகூடக் கிடையாது. சில மூலக்கூறுகள் மஞ்சள், மற்றவை நீலம். இரண்டும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன.

அப்படியானால் நூறு மூலக்கூறுகளில் எத்தனை மஞ்சள், எத்தனை நீலம்? கண்ணால் இதைச் சொல்ல முடியாது. கரைசல் வழியாக ஒளியை அனுப்பி, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தால் சொல்லிவிடலாம். சொல்லத் தெரிந்துவிட்டால், அந்தச் சாயத்துக்கே உரிய ஓர் எண் கைக்கு வந்துவிடும். அதுதான் அதன் அமிலப் பிரிகை மாறிலி. கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் செய்யும் சோதனைகளில், ஒரு நிறம் ஓர் எண்ணாக மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை வேறு அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தச் சாயத்தையும் இதன் உறவுக்காரச் சாயங்களையும் அமிலத்தன்மையை அளக்கும் வேலைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மேன்ஸ்ஃபீல்ட் கிளார்க்கும் ஹெர்பர்ட் லப்ஸும். அமெரிக்க வேளாண் துறையில் பாலையும் பாலில் வளரும் பாக்டீரியாக்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தவர் கிளார்க். பாக்டீரியா வளர வளர ஊடகம் எவ்வளவு புளிக்கிறது என்று சட்டென்று தெரிய வேண்டும். அதற்கு நிறம் பளிச்சென்று மாறும் சாயங்கள் தேவைப்பட்டன. இருவரும் சேர்ந்து 1917-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இருக்கும் சாயங்கள்தான் இன்றும் நம் ஆய்வகங்களின் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1909-ல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் பிஎச் என்ற அளவுகோலை உருவாக்கியிருந்தார். அளவுகோல் வந்துவிட்டது; அதில் ஒவ்வொரு சாயமும் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று குறிக்க வேண்டியிருந்தது.

பாடநூல்கள் இந்த இடத்தை ஒரு வீச்சாகத் தருகின்றன. புரோமோதைமால் ப்ளூவுக்கு பிஎச் 6.0-லிருந்து 7.6 வரை. இது கண்ணின் கணக்கு. நீல வடிவம் மஞ்சள் வடிவத்தைவிட ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், கொஞ்சம் நீலம் வந்ததுமே கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதனால் 6.0-க்கும் 7.6-க்கும் நடுப்புள்ளியான 6.8-ஐ எடுத்துக்கொண்டு, அங்கே பாதிக்குப் பாதி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பாதிக்குப் பாதி எங்கே என்பதைக் கருவியிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் மூலக்கூறுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். மஞ்சள் வடிவத்தில் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரைசலில் அமிலம் குறையும்போது அது கழன்று ஹைட்ரஜன் அயனியாகப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் மூலக்கூறில் எலக்ட்ரான்கள் பரவி நிற்கும் விதம் மாறிவிடுவதால் அது வேறு நிற ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது. நமக்கு நீலமாகத் தெரிகிறது. அமிலத்தைத் திரும்பச் சேர்த்தால் ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் திரும்பிவிடும். மஞ்சள் வடிவத்தை HIn என்றும் நீல வடிவத்தை In என்றும் எழுதினால், இரண்டுக்கும் இடையே உள்ள உறவு இவ்வளவுதான்:

```
pH = pKa + log([In]/[HIn])
```

இதில் pKa என்பது பிரிகை மாறிலியின் மடக்கை வடிவம். ஆய்வகத்தில் பிகே என்று சுருக்கிச் சொல்வார்கள். மஞ்சளும் நீலமும் சமமாக இருக்கும்போது விகிதம் 1. ஒன்றின் மடக்கை பூஜ்யம். ஆகவே அந்தக் கரைசலின் பிஎச்தான் பிகே. அதற்கு ஓர் அலகு மேலே போனால் ஒரு மஞ்சளுக்குப் பத்து நீலம். இரண்டு அலகு மேலே போனால் ஒன்றுக்கு நூறு. பிகேவிலிருந்து விலக விலக ஒரு நிறம் மற்றதை முழுதாக மறைத்துவிடுகிறது. சோதனையின் வெற்றி தோல்வி இதைச் சுற்றித்தான் இருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி ஒளியின் பக்கம் வருவோம். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவி, விளக்கொளியிலிருந்து ஒரே ஓர் அலைநீளத்தைப் பிரித்தெடுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சின்னச் சதுரக் குழாய் வழியாக அனுப்புகிறது. அந்தக் குழாயை குவெட் என்பார்கள். போன ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே வந்தால் உறிஞ்சளவு 1. நூறில் ஒரு பங்கு வந்தால் 2. இப்படி மடக்கையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் உறிஞ்சளவு சாயத்தின் செறிவுக்கு நேர்விகிதமாக இருக்கும். சாயம் இரண்டு மடங்கானால் உறிஞ்சளவும் இரண்டு மடங்காகும். மஞ்சளும் நீலமும் சேர்ந்திருந்தால் இரண்டின் உறிஞ்சளவையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டல்தான் சோதனையின் உயிர். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் ஏறியிருக்கிறார்கள், சிலர் அரை டிக்கெட், சிலர் முழு டிக்கெட். எல்லாரும் அரை டிக்கெட் என்றால் வசூல் எவ்வளவு, எல்லாரும் முழு டிக்கெட் என்றால் எவ்வளவு என்று நடத்துநருக்குத் தெரியும். பையில் இருக்கும் தொகை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே, யார் முகத்தையும் பார்க்காமல் அரை எத்தனை, முழு எத்தனை என்று சொல்லிவிடுவார். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். சாயம் முழுவதும் மஞ்சளாக இருக்கும் ஒரு குடுவை, முழுவதும் நீலமாக இருக்கும் ஒரு குடுவை, நடுவில் பச்சையாக இருக்கும் சில குடுவைகள்.

சாயக் கரைசல் செய்ய வழக்கமான அளவு இது: 0.1 கிராம் புரோமோதைமால் ப்ளூவை 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 16 மில்லிலிட்டரில் கரைத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 250 மில்லிலிட்டராக்க வேண்டும். இதிலிருந்து ஒரு மில்லிலிட்டரை 25 மில்லிலிட்டர் குடுவையில் விட்டு நிரப்பினால், உறிஞ்சளவு 1-ஐத் தாண்டாத செறிவு கிடைக்கும். உறிஞ்சளவு 2, 3 என்று ஏறிவிட்டால் வெளியே வரும் ஒளி மிகக் குறைவு. கருவி காட்டும் எண்ணை நம்ப முடியாது.

பிஎச்சை நிலையாக வைத்திருக்கத் தாங்கல் கரைசல் வேண்டும். இந்தச் சாயத்துக்குப் பொருத்தமானவை இரண்டு சோடியம் பாஸ்பேட் உப்புகள்: NaH₂PO₄, Na₂HPO₄. முதலாவது அமிலப் பக்கம் சாயும், இரண்டாவது காரப் பக்கம் சாயும். இரண்டையும் 0.1 மோலார் செறிவில் செய்து வைத்துக்கொண்டு, வெவ்வேறு விகிதத்தில் கலந்தால் பிஎச் 6.2-லிருந்து 7.9 வரை ஆறு குடுவைகள் தயாராகிவிடும். எல்லாவற்றிலும் சாயம் மட்டும் ஒரே அளவு. அதற்குப் பிப்பெட்டைத்தான் பயன்படுத்த வேண்டும், சொட்டு எண்ணக் கூடாது. பிஎச்சைக் கலவை விகிதத்திலிருந்து கணக்குப் போட்டு எழுதாமல், நிரப்பி முடித்த குடுவையிலேயே மீட்டரை வைத்து அளக்க வேண்டும்.

முழு மஞ்சள் குடுவைக்கு NaH₂PO₄ மட்டும் போதும். அதன் பிஎச் 4.5-ஐ ஒட்டி இருக்கும். அங்கே ஆயிரத்தில் சுமார் மூன்று மூலக்கூறுகள்தான் நீலம். இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று அடர் அமிலத்தை ஊற்றிவிடக் கூடாது. மிகக் கடுமையான அமிலத்தில் இந்தச் சாயம் இன்னொரு ஹைட்ரஜனையும் ஏற்றுக்கொண்டு செந்நிறமான மூன்றாவது வடிவமாக மாறத் தொடங்கும். பிறகு நம் கணக்குக்கு அடிப்படையே இல்லை. முழு நீலக் குடுவைக்குச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச்சை 12 அளவுக்கு ஏற்றிவிடலாம்.

எந்த அலைநீளத்தில் அளப்பது? இரண்டு வடிவங்களும் மிக அதிகமாக வேறுபடும் இடத்தில். நீல வடிவம் 616 நானோமீட்டரை ஒட்டி, ஆரஞ்சு ஒளியை உச்சமாக உறிஞ்சுகிறது. மஞ்சள் வடிவத்தின் உச்சம் 433 நானோமீட்டர் பக்கம். 616-ல் அது ஏறக்குறைய ஒன்றையுமே உறிஞ்சுவதில்லை. ஆகவே 616-ல் அளந்தால் நீலத்தை நேரடியாக எண்ணுவது போல ஆகிவிடுகிறது. சாயம் சேர்க்காத தாங்கல் கரைசலை வைத்துக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொரு குடுவையாக அளக்க வேண்டும். குவெட்டின் ஒளி போகும் முகத்தில் விரல்ரேகை பட்டால் அதுவும் உறிஞ்சளவில் சேரும். சொரசொரப்பான பக்கத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கைக் காட்டுவதற்காக, இப்படிச் செய்தால் கிடைக்கக்கூடிய மாதிரி எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். முழு மஞ்சள் குடுவை 616-ல் 0.012 காட்டுகிறது. முழு நீலக் குடுவை 0.905. நடுவில் உள்ள ஆறும் இந்தப் பட்டியலில்:

| குடுவையின் பிஎச் | உறிஞ்சளவு | கணக்கில் வரும் பிகே |
|---|---|---|
| 6.20 | 0.124 | 7.04 |
| 6.60 | 0.243 | 7.06 |
| 6.90 | 0.385 | 7.04 |
| 7.20 | 0.533 | 7.05 |
| 7.50 | 0.674 | 7.04 |
| 7.90 | 0.790 | 7.07 |

மூன்றாவது பத்தி எப்படி வந்தது என்று ஒரு வரிசையில் பார்ப்போம். சூத்திரம் இது, A என்பது குடுவையின் உறிஞ்சளவு, A1 முழு மஞ்சளுடையது, A2 முழு நீலத்துடையது.

```
pKa = pH - log[(A - A1)/(A2 - A)]
```

பிஎச் 7.20 உள்ள குடுவையை எடுங்கள். உறிஞ்சளவு 0.533. முழு மஞ்சளிலிருந்து அது மேலே ஏறியிருப்பது 0.521. முழு நீலத்தை எட்ட இன்னும் பாக்கி 0.372. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.40. அதாவது ஐந்து மஞ்சளுக்கு ஏழு நீலம். இந்தச் சின்ன வகுத்தலில்தான் பச்சைக்குள் இருப்பது நமக்குத் தெரியவருகிறது. 1.40-ன் மடக்கை 0.146, அதை 7.20-லிருந்து கழித்தால் 7.05. சாயத்தின் செறிவு எவ்வளவு என்று நாம் எங்குமே கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாக் குடுவையிலும் அது ஒன்றாக இருந்தால் போதும், வகுக்கும்போது மறைந்துவிடுகிறது.

ஒரே குடுவையில் விடை கிடைத்துவிட்டதே, ஆறு எதற்கு? ஒற்றைக் குடுவை ஓர் எண்ணைத் தரும். அது சரியா தவறா என்று சொல்லாது. ஆறு குடுவைகள் ஒன்றுக்கொன்று சாட்சி. பிஎச்சைக் கிடையாகவும், விகிதத்தின் மடக்கையை நெடுக்காகவும் வைத்து வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்தால், அவை ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். அந்தக் கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம் பிகே. கோட்டின் சாய்வு 1 ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மூலக்கூறு ஒரே ஒரு ஹைட்ரஜனை இழக்கிறது. மேலே உள்ள எண்களுக்குச் சாய்வு 0.99, வெட்டும் இடம் 7.05. சாய்வு 0.8 என்றோ 1.2 என்றோ வந்தால் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கக் கூடாது. எங்கோ பிழை இருக்கிறது.

பிழைகளில் மிகச் சாதாரணமாக நடப்பது, முனைக் குடுவைகளில் நடப்பது. சோடியம் ஹைட்ராக்சைடு விடச் சோம்பல்பட்டு, பிஎச் 8.5 உள்ள கரைசலையே முழு நீலமாக வைத்துக்கொண்டுவிட்டார் ஒரு மாணவர் என்று வையுங்கள். கண்ணுக்கு அது சுத்த நீலம்தான். ஆனால் அங்கே நூறில் மூன்று மூலக்கூறுகளுக்கு மேல் இன்னும் மஞ்சளாக இருக்கின்றன, 0.905 வர வேண்டிய இடத்தில் 0.874 வரும். வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. இதை வைத்து அதே ஆறு குடுவைகளுக்கும் கணக்குப் போட்டால் 7.03, 7.04, 7.02, 7.02, 6.98, 6.93 என்று வருகிறது. அமிலப் பக்கக் குடுவைகளுக்கு அதிகம் ஒன்றும் ஆகவில்லை. காரப் பக்கம் போகப் போக விடை வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. சராசரி எடுத்து 7.00 என்று எழுதிவிட்டால் இந்தத் தடயமே அழிந்துவிடும். ஆகவே பிகே மதிப்புகளைப் பிஎச் வரிசையில் எழுதி வைத்து, அவை மேலும் கீழும் சிதறுகின்றனவா, ஒரே பக்கமாகச் சாய்கின்றனவா என்று பார்ப்பது நல்ல பழக்கம். சிதறல் என்றால் அளப்பதில் உள்ள சிறு தடுமாற்றம். ஒரே பக்கச் சாய்வு என்றால் ஒரு முனைக் குடுவையைச் சந்தேகிக்க வேண்டும்.

காரப் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சேதம்? பிகேவிலிருந்து விலக விலக ஒரு நிறம் மறைகிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதனால்தான். பிஎச் 9-ல் ஒரு குடுவை வைத்தால், அதன் உறிஞ்சளவுக்கும் முழு நீலத்துக்கும் உள்ள இடைவெளி வெறும் 0.010. கருவி 0.005 பிசகினாலே அந்த இடைவெளி பாதியாகி, விகிதம் இரட்டிப்பாகி, பிகே 0.3 அலகு தவறிவிடும். அதே 0.005 பிசகு பிஎச் 7.20-ல் நடந்தால் விடை 0.01-க்குள்தான் மாறும். இதனால்தான் குடுவைகளைப் பிகேவுக்கு இருபுறமும் ஓர் அலகுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். எந்தச் சாயமானாலும் இதே விதி.

இன்னொரு பிழை பிப்பெட்டில் நடப்பது. பிஎச் 7.20 குடுவைக்கு மட்டும் சாயம் நூறில் ஐந்து பங்கு குறைந்துவிட்டால் உறிஞ்சளவு 0.506-க்கு இறங்கி, பிகே 7.11 என்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இது சாயக் குறைவா, பிஎச் மீட்டரின் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லாக் குடுவைகளின் உறிஞ்சளவையும் 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை வரைந்து ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மஞ்சள் முகடு தாழத் தாழ நீல முகடு உயர்வது தெரியும். ஆனால் 500 நானோமீட்டரை ஒட்டி ஓரிடத்தில் எல்லா வளைவுகளும் ஒரே புள்ளி வழியாகப் போகும். அந்த அலைநீளத்தில் மஞ்சள் மூலக்கூறும் நீல மூலக்கூறும் ஒளியை ஒரே அளவு உறிஞ்சுகின்றன. ஒன்று மற்றதாக மாறினாலும் மொத்தம் மாறாது. அங்கே தெரிவது விகிதம் அல்ல, மொத்தச் சாயம். எந்தக் குடுவையின் வளைவு அந்தப் புள்ளிக்குக் கீழே போகிறதோ அதில் சாயம் குறைவு. எல்லாமே புள்ளி வழியாக ஒழுங்காகப் போய், ஒரு குடுவை மட்டும் 616-ல் ஒட்டவில்லை என்றால், பிஎச் மீட்டரைப் பார்க்க வேண்டும். வளைவுகள் ஒரு புள்ளியில் சேராமல் பரவலாகச் சிதறினால் மூன்றாவது வடிவம் ஒன்று உள்ளே புகுந்திருக்கலாம், அல்லது கரைசல் கலங்கியிருக்கலாம். வளைவுகள் அந்தப் புள்ளியில் வந்து சேர்வதைத் திரையில் முதல்முறை பார்க்கும்போது, இரண்டே வடிவங்கள்தான் இருக்கின்றன என்று பாடத்தில் படித்தது கண்முன்னே நிரூபணமாகிறது. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிஎச் மீட்டரின் பிழையை மட்டும் எந்த வரைபடமும் காட்டிக்கொடுக்காது. மீட்டர் எல்லாக் குடுவைகளிலும் 0.05 கூடுதலாகக் காட்டினால் பிகேவும் அதே 0.05 கூடும், கோடு நேராகவே இருக்கும், சாய்வும் 1 ஆகவே இருக்கும். ஆகவே அளக்கத் தொடங்கும் முன்பு, அன்றைக்குப் புதிதாகக் கரைத்த தரப்படுத்தும் கரைசல்களால் மீட்டரைச் சரிசெய்வதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். மீட்டரில் உள்ள வெப்பத் திருத்தம் மின்முனையின் போக்கை மட்டும் திருத்துகிறது. சாயத்தின் பிகே வெப்பத்தோடு மாறுவதை அது திருத்தாது. 25 டிகிரிக்கான மதிப்பு வேண்டுமானால் குடுவைகள் 25 டிகிரியில் இருக்க வேண்டும். கோடையில் நம் ஊர் ஆய்வகத்தில் இதற்கு நீர்த்தொட்டி வைக்காமல் முடியாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்து 7.05 என்று எழுதிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஒன்றில் 7.1 இருக்கும், இன்னொன்றில் 7.3 இருக்கும். மாணவர்கள் குழம்புவது இங்கேதான். இரண்டு புத்தகமும் சரி. கரைசலில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். மஞ்சள் வடிவத்துக்கு ஒரு எதிர்மின்னூட்டம். ஹைட்ரஜன் அயனி போனபின் நீல வடிவத்துக்கு இரண்டு. கரைசலில் உள்ள சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் இரண்டு மின்னூட்டம் உள்ள நீல வடிவத்தைச் சுற்றி அதிகமாகச் சேர்ந்து அதை நிலைப்படுத்துகின்றன. அதனால் உப்பு உள்ள கரைசலில் சாயம் கொஞ்சம் எளிதாகவே நீலமாகிறது, பிகே இறங்குகிறது. உப்பே இல்லாத நிலைக்குக் கணக்கிட்ட மதிப்பு 7.3 பக்கம். பாஸ்பேட் கரைசலின் உப்புச் செறிவில் அது 0.2, 0.3 அளவுக்குக் குறைந்து 7.1-ஐ ஒட்டி வரும். உப்புச் செறிவைச் சொல்லாமல் பிகேவை மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான் சொன்னதாகும்.

சாயத்தின் தூய்மையைப் பற்றி இதுவரை பேசவில்லை. கடையில் வாங்கும் சாயத்தில் வேறு நிறப்பொருள் கொஞ்சம் கலந்திருந்தால் என்ன ஆகும்? அந்தக் கலப்படத்தின் நிறம் பிஎச்சோடு மாறாதது என்றால் நம் சோதனைக்கு ஒன்றும் ஆகாது. அது எல்லாக் குடுவையிலும், முனைக் குடுவைகள் உட்பட, ஒரே அளவு கூடுதலாக உறிஞ்சும், கழிக்கும்போது போய்விடும். ஒரே புட்டியிலிருந்து எடுத்த சாயத்திலேயே இரு முனைகளையும் அளப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு இது.

இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கடல் ஒரு நல்ல உதாரணம். கடல்நீரின் பிஎச்சைக் கண்ணாடி மின்முனையால் நம்பகமாக அளப்பது கடினம். மீட்டரைச் சரிசெய்யும் கரைசல்களில் உப்பு குறைவு, கடலில் மிக அதிகம். அதனால் கடலியலாளர்கள் நம் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பிகே தெரிந்த சாயத்தைக் கடல்நீரில் விட்டு, இரண்டு அலைநீளங்களில் உறிஞ்சளவை எடுத்து, அவற்றின் விகிதத்திலிருந்து பிஎச்சைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பயன்படுவது கிளார்க், லப்ஸ் சாயங்களின் குடும்பத்தைச் சேர்ந்த மெட்டா கிரெசால் பர்ப்பிள். டோன்யா கிளேட்டனும் ராபர்ட் பைர்னும் 1993-ல் கடல்நீரில் இதன் மாறிலியை அளந்து வெளியிட்டார்கள். 434, 578 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளங்கள் அன்றிலிருந்து உலகெங்கும் ஆய்வுக் கப்பல்களில் வழக்கமாகிவிட்டன. நுணுக்கம் பிஎச் அலகில் ஆயிரத்தில் ஒன்றையும் தாண்டியது.

ஆனால் மாறிலியை அளந்தது ஒரு புட்டிச் சாயத்தில். கப்பலில் பயன்படுத்துவது வேறு புட்டி, வேறு தயாரிப்பாளர். கலப்படம் கழிபடுவதில்லை. 434 நானோமீட்டரில் உறிஞ்சும் கலப்படம் கூடக்குறைய இருந்தால் விகிதம் மாறி, பிஎச்சும் மாறும். இதனால் 0.01 அலகு வரை வேறுபாடு வரலாம் என்பது 2007-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காற்றில் சேரும் கரியமில வாயுவால் கடலின் மேற்பரப்பு நீரில் பிஎச் பத்தாண்டுக்குச் சுமார் 0.02 அலகுதான் குறைகிறது. அதாவது சாயப் புட்டியின் கலப்படம், கடலில் ஐந்தாண்டில் நடக்கும் மாற்றத்தின் அளவுக்குப் பொய் சொல்லக்கூடும். 2011-ல் பைர்னின் குழு சாயத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி, தூய சாயத்துக்கு மாறிலியை மறுபடியும் அளந்து வெளியிட்டது. அதற்குமுன் எடுத்த அளவுகளையும் திருத்திக்கொள்ள முடிகிறது, ஆனால் ஒரு நிபந்தனை: அன்று எந்தப் புட்டிச் சாயம் பயன்பட்டது என்று யாராவது குறித்து வைத்திருக்க வேண்டும், அல்லது அந்தப் புட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யப்போகும் மாணவர்களுக்கும் செய்யவைக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் 7.05 என்று எழுதி அடிக்கோடிட்டு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்திலேயே வெப்பநிலை, பாஸ்பேட்டின் செறிவு, முனைக் குடுவைகளின் பிஎச், கோட்டின் சாய்வு, சாயப் புட்டியில் அச்சிட்ட தொகுதி எண் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.